நுனி ஒடியாத வெண்டைக்காய்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிற மனிதர் மயிலாப்பூரில் இன்னும் பிறக்கவில்லை. பட்டென்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றல். இது ஊருக்கே தெரிந்த சாஸ்திரம். ஒடிந்ததை வாங்கிக்கொண்டு போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் காமாக்ஷி மாமி மாதிரி ஆட்கள் கால் கிலோவுக்கு ஒரு கிலோவை ஒடிப்பார்கள். பட் பட்டென்று ஒடித்து, அதில் நல்லதாகத் தோன்றுவதை எடுத்துக்கொண்டு, மீதியைக் குவியலிலேயே போட்டுவிட்டு, "கறிவேப்பிலை கொஞ்சம் போடேன் சொர்ணம்" என்பார்கள்.

நான் ஜவஹர், தேங்காய் விற்கிறவன். தெற்கு மாட வீதி நடைபாதையில் சொர்ணத்தின் காய்கறிக் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. கடை என்றால் ஒரு கோணிப்பை, ஒரு குடை, ஒரு அரிவாள். தேங்காயைத் தட்டுவார்கள், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுவார்கள். அதனால் தேங்காய்க்கு ஒன்றும் ஆவதில்லை. வெண்டைக்காய் அப்படியில்லை. நுனி ஒடிந்த இடம் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். கறுத்த காயை யாரும் தொடமாட்டார்கள். அதையெல்லாம் சொர்ணம் தனியாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்து பெரும்பாக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். இருபது வருஷமாக அவள் வீட்டுக் குழம்பில் வெந்தது ஊரார் ஒடித்துப் போட்ட காய்தான்.

"நீ ஒருநாளாவது நுனி இருக்கிற வெண்டைக்கா துன்னுருக்கியா?" என்று கேட்டேன் ஒருமுறை.

"எங்கம்மா ஊட்டுக் காயில நுனி இருக்கும்" என்றாள். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

அம்மா வீடு என்று அவள் சொல்வது தம்பி கன்னியப்பனின் வீட்டை. திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. தம்பிக்கு அரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, இரண்டு மாடு. மாதம் ஒருமுறை சொர்ணம் போய்வருவாள். போகும்போது மடித்த கட்டைப்பை, வரும்போது நிமிர்ந்த கட்டைப்பை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குத்தான் வருவாள். பையைத் திறந்து என் பங்கு இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் குடையை விரிப்பாள். காய் கடை நிறையக் கிடக்கிறதே, இதற்கென்ன இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நான் கேலி செய்வேன்.

"அது வெலைக்கு வாங்குனது. இது குடுத்தது" என்பாள்.

அவளுக்கு வேறு என்ன இருந்தது என்று யோசித்தால் கேலி செய்யத் தோன்றாது. அடையாற்றங்கரையில் பிள்ளை பெற்று வளர்த்த வீட்டை இடித்து, பெரும்பாக்கத்தில் சர்க்கார் குடியிருப்பில் ஏழாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். லிப்ட் ஓடினால் அன்று தீபாவளி. நடைபாதையில் இருக்கிற இடமும் யாராவது வந்து எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டிய இடம்தான். யாரும் எழுந்திரு என்று சொல்லமுடியாத ஒரே இடம் தம்பி வீட்டு வாசல். அதை அவள் எப்படி இழந்தாள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

போன வருஷம் ஆவணிக் கடைசியில் தம்பி மகளுக்குக் காது குத்து. சொர்ணமும் புருஷன் வடிவேலுவும் போனார்கள். விடிந்து வெயில் ஏறுவதற்குள் கொல்லையில் வெண்டைக்காய் பறிப்பு முடிந்து, வரப்போரம் வேன் வந்து நின்றது. அந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் சுற்றி காய் எடுக்கிறவர் வேன்காரர். தராசில் மூட்டையை மாட்டினார். கையை உள்ளே விட்டு ஒருமுறை கிளறினார்.

"பன்னெண்டு" என்றார். கன்னியப்பன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் வியாபாரம்.

அதற்கு முந்தின நாள் சொர்ணம் கோயம்பேட்டில் கிலோ முப்பத்தைந்து ரூபாய்க்கு வெண்டைக்காய் எடுத்து, மாட வீதியில் அறுபதுக்கு விற்றிருந்தாள். அதே காய். ஒருவேளை இதே கொல்லைக் காயாகக்கூட இருக்கலாம். தம்பி கையில் பன்னிரண்டு, அக்கா கையில் அறுபது. நடுவில் இருப்பது ஒரு காலை பஸ் பயணம்.

திரும்பி வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஜவஹரு, வேன்காரரு ஒருத்தரு. கோயம்பேட்ல கமிசன் மண்டி ஒண்ணு. மூட்டை ஏத்தி எறக்கறதுக்குக் கூலி. அங்கருந்து இங்க வர்றதுக்கு வண்டி வாடகை. இத்தினி கை பட்டுக்கினு வருது. எதுக்கு? அவன் கையி, என் கையி, ரெண்டு கை போதாதா?"

எனக்கும் சரியென்றுதான் பட்டது. கன்னியப்பன் மூட்டையை பஸ் நிற்கிற இடத்தில் ஏற்றிவிட வேண்டியது. வடிவேலு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். தாம்பரத்தில் இறக்கிக் கொண்டுவந்து விடுவார். பஸ் லக்கேஜும் பெட்ரோலும் சேர்த்தாலும் கிலோவுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் போகாது. தம்பிக்கு இருபது கொடுத்தாலும் இவளுக்கு இருபத்தைந்தில் அடங்கிவிடும். ஊர் அறுபதுக்கு விற்கும்போது ஐம்பதுக்கு விற்கலாம். தம்பிக்கும் லாபம், அக்காவுக்கும் லாபம், வாங்குகிற மாமிக்கும் லாபம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்னந்தோப்பு வைத்திருக்கிற மச்சான் யாரும் எனக்கு இல்லை.

போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள், நானும் கேட்டேன்.

"தம்பி, உன் காய நானே எடுத்துக்கறேன். கிலோவுக்கு இருவது தரேன்டா."

அந்தப் பக்கம் மாடு கத்துவது மட்டும் கேட்டது.

"காய் வேணும்னா எடுத்துக்கினு போக்கா. மூட்டையா வேணும்னாலும் எடுத்துக்கோ. இருவது கிருவதுன்னு எங்கிட்ட சொல்லாத. கூடப் பொறந்தவகிட்ட தராசு புடிச்சு நிக்கற அளவுக்கு நான் கெட்டுப் போவல" என்று சொல்லி வைத்துவிட்டான்.

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆனால் கன்னியப்பன் அந்தப் பழமொழியைக் கேள்விப்படாதவன். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி வேதவல்லி வேறு போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணி, அவரு அப்டித்தான். நீங்க கண்டுக்காதீங்க. அண்ணா கையில குடுத்து அனுப்புங்க, நான் வாங்கிக்கறேன். எங்களுக்கும் செலவு கீது."

இப்படியாக ஒரு ஏற்பாடு ஆயிற்று. காய் தம்பி கையிலிருந்து அக்காவுக்கு வரும். பணம் வடிவேலு கையிலிருந்து தம்பி மனைவிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை வடிவேலு பணத்தோடு போனால், கன்னியப்பன் அந்த நேரம் பார்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். போனில் அனுப்பலாமே என்றேன். அனுப்பினால் தம்பி போனில்தான் டொய்ங் என்று கேட்குமாம், அது இன்னும் கேவலமாம். ஒரு வெண்டைக்காய் வியாபாரத்தில் இத்தனை மரியாதையை நான் பார்த்ததில்லை.

முதல் மூட்டை வந்த அன்று நான் என் கடையை விட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். அப்படியொரு காய். எல்லாம் விரல் நீளம், ஒரே பச்சை, மேலே பூனைமுடி. வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற காய். ஒருநாள் தவறினால் முற்றிவிடும். எவ்வளவு கவனமாகப் பறித்தாலும் மூட்டைக்கு நாலில் ஒரு பங்கு நடுமுற்றலாக இருக்கத்தான் செய்யும். கோயம்பேட்டு மூட்டையைப் பிரித்தால் மேலே இளசு, அடியில் முற்றல், சொர்ணம் தலையில் அடித்துக்கொள்வாள். இந்த மூட்டையில் அடியிலும் இளசு.

காமாக்ஷி மாமி வந்தார்.

"என்னடி சொர்ணம், இதை ஒடிச்சே பார்க்க வேண்டாம் போலிருக்கே."

"ஒடிக்காதீங்க மாமி. எங்கம்மா ஊட்டுக் காய்."

"உங்காத்துக் காயா? பேஷ்" என்று சொல்லிக்கொண்டே மாமி நாலைந்தை ஒடித்தார். ஜென்மப் புத்தி.

புரட்டாசி பிறந்தது. கறி மீன் தின்கிறவர்களும் காய்கறிக்குத் திரும்புகிற மாசம். சொர்ணத்தின் வெண்டைக்காய் மத்தியானத்துக்கு முன் தீர்ந்துபோயிற்று. பாதி மூட்டையை வடிவேலு லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு அபிராமபுரம், அடையாறு என்று மைக் வைத்துக் கூவிக்கொண்டு போனார். மூட்டை முப்பது கிலோவிலிருந்து ஐம்பது கிலோ ஆயிற்று. சொர்ணத்தின் முகத்தில் இருந்த வெளிச்சம் லாபத்தால் மட்டும் வந்ததில்லை. முன்பு மாதம் ஒருமுறை பார்த்த தம்பியோடு இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பேசினாள். தம்பி பறித்ததைத் தன் கையால் அள்ளிப் போட்டாள்.

ஒருநாள் அவனிடம் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏன்டா, ஒரு முத்தல்கூட இல்லியே. இன்னா பண்றே நீ?"

"உனக்குப் போயி முத்தலா அனுப்புவேன்?" என்றான்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. இருபது வருஷமாகக் காய் விற்கிறவள் அவள். குவியலில் இளசை ஒருத்தர் பொறுக்கிக்கொண்டு போனால் மிச்சம் இன்னொருத்தர் தலையில் விழும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? தினம் சாயங்காலம் அந்த மிச்சத்தைத்தானே முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள். அப்படியென்றால் முற்றல் எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வியாபாரியாக இருந்திருந்தால் கேட்டிருப்பாள். அக்காவாக இருந்ததால் சந்தோஷப்பட்டாள்.

ஐப்பசியில் எல்லாத் தோட்டத்திலும் காய் ஒன்றாக வந்து விழுந்தது. கோயம்பேட்டில் விலை சரிந்தது. தள்ளுவண்டிக்காரர்கள் 'ரெண்டு கிலோ அம்பது' என்று வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். சொர்ணமும் விலையைக் குறைத்தாள். தம்பிக்குக் கொடுக்கிற இருபதை மட்டும் குறைக்கவில்லை. ஆனால் ஐம்பது கிலோவை விற்க முடியவில்லை. தீபாவளி சமயத்தில் மாமிகள் பட்சணத்தில் இருந்தார்கள், காய்கறிப் பக்கமே வரவில்லை.

"தம்பி, இப்பத்திக்கு இருவத்தஞ்சு கிலோ போதும்டா. மிச்சத்த வேன்காரருக்குப் போட்டுடு."

"சரிக்கா" என்றான் கன்னியப்பன்.

அதற்குப் பிறகு போனில் அவன் வருவது குறைந்தது. வேதவல்லிதான் பேசினாள். மூட்டை ஏறிவிட்டது, பஸ் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். சொர்ணம் அவன் எங்கே என்றால், மாட்டைக் கட்டுகிறான், கிணற்றடியில் இருக்கிறான் என்று ஏதாவது பதில் வரும். தம்பியின் குரலுக்காகத்தான் அவள் பாதி வியாபாரம் செய்தாள் என்பது எனக்குத் தெரியும். அவள் குவியலை நாலு தரம் சேர்த்துச் சேர்த்து வைப்பாள், அவ்வளவுதான்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மாட வீதியில் முழங்கால் தண்ணீர். பெரும்பாக்கத்திலிருந்து அவளால் வெளியே வரவே முடியவில்லை. ஒரு வாரத்துக்குக் காய் அனுப்பவேண்டாம் என்று தம்பி வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். மழை விட்டதும் வடிவேலுவோடு ஊருக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். அன்று அவள் கடை விரிக்கவில்லை. என் கோணிப்பையில் உட்கார்ந்துதான் சொன்னாள்.

ஞாயிறுதோறும் பணத்தோடு வந்த வடிவேலு வாசலோடு திரும்பிவிடுவார், கொல்லைப் பக்கம் போனதில்லை. இவளுக்குக் கொல்லையில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டதாம். செடி முழுக்க முழ நீளத்துக்குக் காய்கள் முற்றி, விறைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் வெண்டை விதைக்குப் போய்விடும், அடுத்த பூ வைக்காது. மழையால் வந்த முற்றல் ஒரு வாரத்து முற்றலாகத்தானே இருக்க வேண்டும்? அதில் பாதி விதை வெடித்துக் காய்ந்திருந்தது. ஒரு மாதமாக யாரும் ஒழுங்காகப் பறிக்காத கொல்லை அது.

"வேன்காரரு வர்றதில்லியா?" என்று கேட்டாளாம்.

வேதவல்லி தம்பி இருக்கிற திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாளாம்.

"அவரு வந்து ஒன்ற மாசம் ஆச்சு அண்ணி. மூட்டையில கைய வுட்டுப் பாத்தாரு. 'இளசெல்லாம் அக்காவுக்கு, முத்தலு எனக்கா? நான் இன்னா மாடா?'ன்னு கேட்டாரு. மொதல்ல எட்டு ரூபா போட்டாரு, அப்பால அஞ்சு. அப்பால வண்டியே நிக்கல. நீங்க இருவத்தஞ்சு போதும்னதும் மிச்சத்த உங்க தம்பி வண்டில கட்டிக்கினு சந்தைக்குப் போனாரு. எடுப்பார் இல்ல. மாட்டுக்குப் போட்டோம். மாடும் எத்தினி நாளு துன்னும்?"

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. 'அக்கா இப்பத்தான் நாலு காசு பாக்குது, கெடுக்காத'ன்னாரு. நாங்க ரெண்டு பேரும் விடிகாலைலருந்து ஒவ்வொரு காயா பொறுக்கி உங்க மூட்டைல போட்டோம் அண்ணி. கையெல்லாம் அரிப்பு."

வேன்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கொடுத்த பன்னிரண்டு ரூபாய் இளசுக்கு இல்லை, முற்றலுக்கும் இல்லை. மொத்தத்துக்கு. காய் மலிந்த நாளிலும், மழை நாளிலும், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து நின்று, இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போவதற்கான விலை அது. முற்றலை இளசுக்குள் மறைத்துத்தான் அவரும் மண்டியில் தள்ளினார். பன்னிரண்டுக்கும் அறுபதுக்கும் நடுவில் எத்தனை கை என்று சொர்ணம் சரியாகத்தான் எண்ணினாள். ஒவ்வொரு கையும் எதைச் சுமந்தது என்று நாங்கள் யாருமே எண்ணவில்லை. இளசை மட்டும் உருவிய பிறகு மிச்சத்தைச் சுமக்க ஆள் இல்லை. அதைக் கன்னியப்பன் தனியாகச் சுமந்திருக்கிறான்.

சொர்ணம் தம்பியிடம் போனாளாம். அவன் கிணற்று மேட்டில் நின்றிருந்தான்.

"வேன்காரருகிட்ட நான் போய்ப் பேசறேன்டா. என் தப்புன்னு சொல்றேன்."

"அவரு வேற கொல்லை புடிச்சுட்டாருக்கா. நான் அப்பவே போய்ப் பாத்தேன். உள்ள போயி சோறு துன்னு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ எடுக்கறத நிறுத்திருப்ப" என்றானாம். "அக்கா ஒண்ணு கேட்டு நான் இல்லன்னு சொன்னதில்ல."

கிளம்பும்போது வழக்கம்போலக் கட்டைப்பையைத் தேடியிருக்கிறாள். கன்னியப்பன் அதை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தானாம். "இன்னிக்கி ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கிற இடம்வரைகூட வராமல் உள்ளே போய்விட்டானாம். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அந்த வாசலிலிருந்து அவள் வெறும் பையோடு இறங்கியது அதுதான் முதல் தடவை. இதைச் சொல்லும்போது மடித்த பை அவள் மடியில் இருந்தது. அதை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு தேங்காயை உடைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மார்கழியில் கன்னியப்பன் கொல்லையை உழுது சவுக்கு நட்டுவிட்டான். சவுக்கு வெட்டுக்கு வர நாலைந்து வருஷம் ஆகும். பறிக்க வேண்டாம், பொறுக்க வேண்டாம், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். அவன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். சொர்ணம் பழையபடி கோயம்பேட்டுக்குப் போனாள். மழைக்குப் பிறகு காய் அரிதாகி, வெண்டைக்காய் கிலோ எண்பதுக்கு ஏறியிருந்தது. எல்லாரும் விலையைக் கேட்டுவிட்டு முள்ளங்கி வாங்கிக்கொண்டு போனார்கள்.

பொங்கல் முடிந்து சொர்ணம் தம்பி வீட்டுக்குப் போனாள். போகவேண்டாம் என்று வடிவேலு சொன்னாராம். வருஷா வருஷம் வருகிற பொங்கல் சீர் அந்த முறை வரவில்லை. அது வராததற்குக் கோபம் காரணமா, கையில் இல்லாததா என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. கட்டைப்பையை எடுத்துப் போகவில்லை. வெறுங்கையோடு திரும்புவதென்றால் பை எதற்கு என்றாள் என்னிடம்.

மறுநாள் பத்து மணி வாக்கில் வந்து இறங்கினாள். கையில் புதுக் கட்டைப்பை, நிமிர்ந்த பை. முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அவளை அப்படிப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"ஜவஹரு, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போறானே, லீவு குடுக்கலியாம். நான் கெளம்பறேன்னதும் ஓடிப்போயி பைய நெப்பிக்கினு வந்தான். கொல்லை ஓரம் நாலு செடி வுட்டு வெச்சிருக்கானாம், எனக்குன்னு. 'உனக்கில்லாத காயாக்கா'ன்னான்."

பையை என் கோணி மேலே வைத்துத் திறந்தாள். என் பங்கை அள்ளக் கையை உள்ளே விட்டாள். கை உள்ளேயே நின்றுவிட்டது.

நானும் எட்டிப் பார்த்தேன். வெண்டைக்காய்தான். அரைப் பை இருக்கும். சில நீளம், சில குட்டை, இரண்டு முற்றல். அதில் ஏழெட்டுக் காய்களுக்கு நுனி இல்லை. ஒடித்த இடம் கறுத்திருந்தது.

கொல்லையில் பறிக்கிறவன் நுனியை ஒடிக்கமாட்டான். அவனுக்குச் செடியைப் பார்த்தாலே தெரியும். ஏதோ ஒரு கடைவீதியில், யார் யாரோ ஒடித்துப் பார்த்துப் போட்டுவிட்டுப் போன குவியலிலிருந்து, எண்பது ரூபாய் விலைக்குக் கன்னியப்பன் அள்ளி நிறுத்து வாங்கியிருக்கிறான். பன்னிரண்டு ரூபாய்க்கு மூட்டை மூட்டையாக விற்றவன் அவன். அவனுக்கு ஒடித்துப் பார்த்து வாங்கத் தெரியவில்லை. வாழ்நாளில் அவன் வெண்டைக்காய் வாங்கியதே இல்லை.

சொர்ணம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எடுத்ததை மறுபடி உள்ளேயே வைத்தாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவளைவிட எனக்கென்ன தெரியும்?

அந்த நேரம் பார்த்துக் காமாக்ஷி மாமி வந்து நின்றார். திறந்த பையைப் பார்த்ததும் குனிந்து ஒரு காயை எடுத்தார். விரல் தானாக நுனிக்குப் போயிற்று. நுனி இல்லை.

"இதை ஏற்கெனவே யாரோ ஒடிச்சுப் பார்த்திருக்காளே" என்றார் மாமி. "வாடிப் போயிருக்கு. என்ன விலைக்குத் தரே?"

சொர்ணம் மாமியின் கையிலிருந்து அந்தக் காயை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினாள்.

"இது விக்கறதுக்கு இல்ல மாமி. எங்கம்மா ஊட்டுக் காய்" என்றாள்.

மாமி போன பிறகு என் பங்கை இரண்டு கை அள்ளி என் கோணியில் போட்டாள். நுனி உள்ளதாகப் பொறுக்கித்தான் போட்டாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு குடையை விரித்தாள்.